யாரும் நடாத புளியங்கன்று

ஜமுனாமரத்தூருக்கு அருகே ஒரு மலைக் கிராமத்தில், நான் வழக்கமாகச் சாமை அரிசி வாங்கும் வீட்டில் மருமகளுக்கு வளைகாப்பு. அவள் ஒடிசாக்காரி. அவளும் அந்த வீட்டுப் பையனும் பெங்களூரில் ஒரே ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்து, விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவள் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. கணவன் உறவினரை அழைத்துவர பைக்கில் போயிருந்தான். அவளுக்குத் தமிழ் வராது; அவளைப்போல எனக்கும் இந்தி தெரியும் என்பதால் அவள் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள்.

பெண்கள் அவளைச் சுற்றி நின்று பாடினார்கள்:

“யாரும் நடாத புளியங்கன்னே, முள்ளுக்குள்ளே நிக்கிறியே.”

அர்த்தம் கேட்டாள். நாற்பது வருடம் பத்திரிகையில் இருந்தவன் நான். ஒருவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதில் எனக்குக் கர்வம் உண்டு. அப்படியே இந்தியில் சொன்னேன்: “புளியமரக் கன்று. யாரும் நடவில்லை. முட்களுக்கு நடுவில் நிற்கிறாய்.”

ஒரு சொல்லும் பிழையில்லை. ‘கன்னே’ என்று கூப்பிடும் குரலிலும் ‘நிக்கிறியே’ என்ற இழுப்பிலும் இருந்த கொஞ்சல் மட்டும் என் இந்தியில் வரவில்லை.

அவள் முகம் மாறியது. போட்டிருந்த இரண்டு வளையலையும் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, “எனக்கு யாருமில்லை என்று பாடுகிறார்களா?” என்று கேட்டாள்.

மாமியார் என்னைப் பார்த்தார். “நாங்க இன்னா பாட்னோம், நீங்க இன்னா சார் சொன்னீங்க?”

சொன்னேன்.

“பேப்பர்ல இருந்தவரு இல்ல, அச்சடிச்சாப்ல சொல்லிட்டாரு” என்றாள் ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை.

மாமியார் விளக்கினார். “நட்ட கன்னுல பாதி காஞ்சிடும் சார். தானா வர்ற புளி, அதுவே இடம் பாத்து வர்றது. அத வெட்ட மாட்டோம். ஆடு கடிக்காம சுத்தி முள்ளு வெப்போம். முள்ளு நாங்க வெச்சது சார்.”

பத்து வருடமாக அந்த மலையில் இருக்கிறேன். வேலி கட்டிய கன்றுகளைத் தினமும் கடந்து நடக்கிறேன். கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பார்கள். கேட்கத் தோன்றவில்லை.

மறுபடியும் இந்தியில் சொன்னேன்: நீயாகத் தேடி வந்தவள், உன்னை இவர்கள் காக்கிறார்கள். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆறுதலுக்குச் சொல்கிறீர்கள்” என்றாள். முதலில் சொன்னது அவ்வளவு கச்சிதமாக இருந்ததால், இரண்டாவது பொய்யாகப் பட்டது.

மாமியார் அவளை எழுப்பி, கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். அங்கே முழங்கால் உயரக் கன்று, சுற்றிலும் வெட்டி வைத்த முள். மாமியார் கன்றைக் காட்டினார், அவளைக் காட்டினார். பிறகு முள்ளைக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டார். அவள் வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

திரும்பி வந்து கையை நீட்டினாள். பாட்டு மறுபடி தொடங்கியது. அடுத்த அடி வந்தபோது அவளுக்கு அர்த்தம் வேண்டியிருந்தது. மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.