சராசரி அத்தானும் பதினான்கு விளையாட்டுகளும்

என் அக்கா புருஷனுக்கு வீட்டில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் சராசரி. முகத்துக்கு நேரே அத்தான் என்றுதான் கூப்பிடுவேன், மரியாதை கெட்டுவிடக்கூடாது பாருங்கள். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் மேலாளர். அங்கே வேலை பார்ப்பவர்களையும், இறந்தவர்களையும், இனிமேல் இறக்கப்போகிறவர்களையும் சராசரி எடுத்து எடுத்து, வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வியாதி இறங்கவில்லை. மெத்தை வாங்கப் போனால் படுத்துப் பார்க்கமாட்டார். மொபைலில் ஆயிரம் பேர் கொடுத்த நட்சத்திரத்தைக் கூட்டிப் பார்த்து வாங்குவார். அப்படி வாங்கிய மெத்தையில் மூன்று மாதம் படுத்து இடுப்பு பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தார். "நாலரை ஸ்டார்மா, மெத்தையில குறை இருக்க வாய்ப்பே இல்ல" என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னார். அவர் கணக்கில் குறை இடுப்பின் மேல்தான்.

செருப்புக் கடையிலிருந்து பல் டாக்டர் வரைக்கும் இதே கதைதான். ஒரு பொருளைத் தொட்டுப் பார்ப்பதை அவர் படிக்காதவர்கள் செய்யும் வேலை என்று நினைத்தார். எதிரில் இருக்கும் ஆளையும் அப்படித்தான். என் அக்காவுக்கு அவரோடு கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அவளுக்குக் கத்திரிக்காய் பிடிக்குமா பிடிக்காதா என்று கேட்டால், பொதுவாகப் பெண்களுக்குப் பிடிக்கும் என்று பதில் சொல்லக்கூடிய மனிதர்.

அக்கா குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் மேசையில் இருக்கிறாள். காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் வரவில்லை, தண்ணீர் கலங்கலாக வருகிறது, நீயெல்லாம் எதற்குச் சம்பளம் வாங்குகிறாய் என்று ஊர் முழுக்க அவளைத்தான் திட்டும். வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவி, காப்பியை எடுத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறப்பாள். அதில் ஓர் ஊர் இருக்கிறது. நாலு வருஷமாக அவளே கட்டிய ஊர். வெறும் வயலில் ஆரம்பித்து, ரோடு போட்டு, குழாய் பதித்து, பஸ் விட்டு, இப்போது மூன்று லட்சம் பேர் குடியிருக்கிறார்கள். அந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வரும். அதைத் தவிர அவள் வேறெதுவும் விளையாடியதில்லை. துப்பாக்கி கிடையாது, கார் பந்தயம் கிடையாது.

ஊர் பெரிதாகப் பெரிதாகப் பழைய லேப்டாப் மூச்சு வாங்க ஆரம்பித்தது. விளையாட்டுக்குள் ஒரு கடிகாரம் ஓடும். அதன் மூன்று வேகங்களில் அதிக வேகத்தை அழுத்தினாலும் நாள் நகராது. பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் அப்படியே நிற்பார்கள். புதிதாக ஒரு குடியிருப்பு கட்டலாம் என்று கை வைத்தால் எல்லாம் உறைந்துபோகும். அக்கா ரொம்ப நாள் யோசித்து ஒரு நாள் வாயைத் திறந்தாள்.

"என்னங்க, இந்த வருஷம் எனக்கு நகை நட்டு எதுவும் வேண்டாம். நல்லதா ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுங்க. ஊரை அப்படியே விட்டுட மனசு வரல."

சாமி வந்தவர்போல் அத்தான் எழுந்து உட்கார்ந்தார். ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் விமர்சனங்கள்தான். கடைசியில் ஒரு விமர்சனத்தைத் தேர்ந்தெடுத்து எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படம் காட்டினார். ஒரே விலையில் நாலு லேப்டாப். பதினான்கு விளையாட்டுகளை ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் லேப்டாப்புக்கு ஒரு கோடாக வரைபடம் போட்டு, எல்லாவற்றையும் கூட்டி அடியில் ஒரு சராசரி கொடுத்திருந்தார்கள்.

"இதுதான் முதலிடம். பதினாலு கேம்லயும் சேர்த்து. முடிஞ்சுது கதை."

"அந்தப் பதினாலு என்னென்னன்னு பார்க்கலாமேங்க" என்றாள் அக்கா.

"எதுக்கு? அதான் கூட்டிப் போட்டிருக்கானே."

அக்கா விடாமல் பட்டியலை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சுடுவது, மறுபடியும் சுடுவது, ராட்சசனை வாளால் வெட்டுவது, கார் ஓட்டுவது. "என்னோடது மாதிரி இதுல ஒண்ணும் இல்லயே" என்றாள். அத்தானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவசரமாக ஒரு படத்தைத் தொட்டுப் பெரிதாக்கினார். இரவில் ஒரு பெருநகரம், வானத்தைத் தொடும் கட்டடங்கள், மழை பெய்து நனைந்த ரோடு. ஒருவன் வண்டியைத் திருடிக்கொண்டு அதில் பறக்கிறான்.

"இது என்ன? ஊர்தானே? கட்டடம் இருக்கா? ரோடு இருக்கா? உன்னோடதுலயும் அதேதானே இருக்கு? இதுல இந்த மெஷின்தான் ஃபர்ஸ்ட்."

"அது ஒருத்தன் ஊருக்குள்ள ஓடுறதுங்க. என்னோடது ஊரே ஓடுறது."

"ரெண்டும் ஊர்தான். உனக்கு எதையும் பொதுவா பார்க்கத் தெரியல" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, மறுநாளே போய் முதலிடத்தை வாங்கிவந்தார். பெட்டியைப் பிரிக்கும்போது அந்த மனிதரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஊருக்கே தண்ணீர் கொண்டுவந்தவர் மாதிரி ஒரு பெருமிதம்.

அன்று மாலையே அக்கா தன் ஊரைப் புது லேப்டாப்பில் ஏற்றினாள். அழகென்றால் அழகு. ஆற்றில் மேகம் தெரிந்தது, ஜன்னல் கண்ணாடியில் வெயில் மின்னியது. அத்தான் கையைக் கட்டிக்கொண்டு, எப்படி என்பதுபோல் என்னைப் பார்த்தார். அக்கா கடிகாரத்தை அதிக வேகத்தில் வைத்தாள். பழசுக்கு இது கொஞ்சம் தேவலாம், அவ்வளவுதான். நாள் இழுத்து இழுத்துதான் நகர்ந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்ற கூட்டம் நின்றுகொண்டேயிருந்தது. அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

"தண்ணி எப்படி மின்னுது பார்த்தியா?" என்றார் அத்தான்.

அவர் தூங்கப் போன பிறகு என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அவர் அங்கேயேதான் இருந்தார், கிரிக்கெட் பார்த்துக்கொண்டு. அவருடைய முதுகுக்குப் பின்னாலேயே நாங்கள் இருவரும் வேலையை ஆரம்பித்தோம். அக்கா முதலில் படத்தின் தரத்தையெல்லாம் அடிமட்டத்துக்குக் குறைத்தாள். நிழல் போனது, மேகம் போனது, ஊர் பொம்மை வீடுகள் மாதிரி ஆனது. கடிகாரம் மட்டும் அசையவில்லை, அதே ஆமை வேகம்.

"பார்த்தியாடி? படம் வரையறது இங்க கஷ்டமே இல்ல. மூணு லட்சம் பேரு எந்த வழியா வேலைக்குப் போறான், எந்த பஸ்ல ஏறுறான்னு கணக்குப் போடறதுதான் இடிக்குது. அது கிராஃபிக்ஸ் கார்டோட வேலை இல்ல, பிராசஸரோட வேலை."

பிறகு அதே விமர்சனத்தைத் திறந்து, என்னை ஒரு தாளை எடுத்துவரச் சொன்னாள். பதினான்கு பெயரையும் எழுதி, அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அடித்தேன். சுடுவதெல்லாம் போ. வாள் போ. கார் பந்தயம் போ. அத்தானின் மழை நகரமும் போ, ஏனென்றால் அதில் ஓடுகிறவன் கண்ணெதிரே இருக்கும் தெருவை அழகாக வரைவதற்குத்தான் பாதி உழைப்பும் போகிறது. பதிமூன்றை அடித்த பிறகு ஒன்றே ஒன்று மிஞ்சியது. பழங்காலப் போர் விளையாட்டு. தட்டையான ஒரு தேசப்படம், அதில் நூறு ராஜ்யங்கள், ஆயிரக்கணக்கான படைகள். ஒரு வீடுகூடக் கிடையாது.

"இதுவா உன்னோடது மாதிரி?" என்று கேட்டேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"பார்க்க மாதிரி இல்ல. உழைப்பு மாதிரி. மத்ததுல மாதிரி ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதான் எத்தனை படம் ஓடுதுன்னு இதுல அளக்கல பாரு. ஒரு சுற்று முடிய எத்தனை நொடி ஆகுதுன்னு அளந்திருக்கான். நொடி குறைஞ்சாதான் நல்லது."

அந்த விளையாட்டுக்குப் போட்டிருந்த கோடுகளில் எல்லாம் தலைகீழாக இருந்தது. அத்தானின் முதலிடத்துக்குத்தான் மிக நீளமான கோடு, அதாவது எல்லாவற்றையும் விட மந்தம். காசை முழுக்கக் கிராஃபிக்ஸ் கார்டில் கொட்டிவிட்டுப் பழைய பிராசஸரை வைத்திருந்தான் அந்தக் கம்பெனிக்காரன். சராசரியில் கடைசியில் கிடந்த நாலாவது லேப்டாப்பில் புது பிராசஸர், இரண்டு மடங்கு மெமரி. அதன் கோடு பாதிகூட இல்லை.

கடையில் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவார்கள். அக்கா அத்தானிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். மனிதர் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இதுலயும் நம்ம கோடுதானே பெருசு?" என்றார்! நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"நொடி அத்தான், நொடி. காத்திருக்கிற நேரம்."

"அது ஒரே ஒரு கேம். பதினாலுல ஒண்ணு. ஒண்ணை வச்சு எவனாவது முடிவெடுப்பானா? கடைசி ஆளை வாங்கிட்டு வந்தா ஆபீஸ்ல என்னை என்ன நினைப்பாங்க?"

"ஆபீஸ்ல யாரும் என் ஊர்ல குடியிருக்கலீங்க" என்றாள் அக்கா. அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

அவர் கடைக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். நானும் அக்காவும்தான் போனோம். கடைக்காரர் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டே, "இதை வாங்கினப்ப சார்கிட்ட கேட்டேம்மா, என்ன கேம் விளையாடுவாங்கன்னு. 'எல்லாம்தான், பொதுவா'ன்னார்" என்றார். அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நாலாவதில் ஊர் ஏறியது. ஆற்றில் முன்பு போல் மேகம் தெரியவில்லை. அதிக வேகத்தை அழுத்தினாள். பஸ்கள் கிளம்பின, நிறுத்தத்தில் நின்ற கூட்டம் கரைந்தது, பொழுது விடிந்து சாய்ந்து மறுபடி விடிந்தது. அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

லேப்டாப்பில் பஸ்கள் ஓடும் சத்தம் கேட்டு அத்தான் எழுந்துவந்தார். நாலு வருஷத்தில் முதல் தடவையாகக் குனிந்து அந்த ஊரைப் பார்த்தார். அக்கா ஆர்வமாக ஒவ்வொன்றாகக் காட்டினாள். இது அம்மா பேரில் ஆஸ்பத்திரி. இது தங்கச்சி பேரில் மார்க்கெட், எப்பவும் இரைச்சல்தான். பிறகு ஆற்றுக்குக் குறுக்கே போகும் பெரிய பாலத்துக்கு வந்தாள். ஊரிலேயே முதலில் கட்டிய பாலம். அதன் மேல் அத்தானின் பெயர் இருந்தது. இனிஷியலோடு.

"நாலு வருஷமா இருக்குங்க" என்றாள் மெதுவாக.

சொல்கிறேன், அந்த இடத்தில் ஒரு கல்லுக்குக்கூட நாக்கு தழுதழுத்திருக்கும். அத்தான் பெயரைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். திரையின் மூலையைத் தேடினார்.

"சரி, ஃபிரேம் எவ்ளோ வருது? அந்த மெஷினைவிடக் கம்மியாத்தானே இருக்கும்?"

அக்கா இடிக்கும் இயந்திரத்தின் படத்தைத் தொட்டு, அதைப் பாலத்தின் மேல் வைத்து அழுத்தினாள். பாலம் போய்விட்டது.

"ஏய், என்ன பண்ற? எதுக்கு இடிச்ச?"

"பதினாலு பாலம் இருக்குங்க. மொத்தத்தையும் சேர்த்து சராசரி எடுத்துப் பாருங்க, ஒண்ணு போனது தெரியவே தெரியாது."

அந்தப் பாலத்துக்கு வந்துகொண்டிருந்த வண்டிகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வேறு பாலங்களைத் தேடிப் போயின. கடிகாரம் நிற்காமல் ஓடியது.