ஒன்பதாம் மேசைக் குடுவை

எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பதினோரு வருடம் கண்ணாடிக் கருவிகளைக் கழுவியவர் அந்த அக்கா. நாற்பத்து மூன்று வயதில் மாலை நேர ஆய்வக உதவியாளர் படிப்பில் வந்து உட்கார்ந்தார். பாடம் எடுப்பவன் நான், அவரைவிட எட்டு வயது இளையவன். எனக்குப் பொறுமை கொஞ்சம்தான். மாணவர்களைக் கேட்டால் 'கொஞ்சம்' என்பதைக்கூட ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அக்காவுக்குக் கருவிகளெல்லாம் நன்றாகத் தெரியும், பெயர்தான் தகராறு. கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்ற காலத்தில் அவரே கருவிக்கொரு பெயர் வைத்துவிட்டார். வாய் வளைந்த கழுவு புட்டி 'கொக்கு'. வட்ட அடிக் குடுவை 'தொப்பையன்'.

"அக்கா, பரீட்சையில கொக்குன்னு எழுதினா மார்க்கும் பறந்துடும்," என்றேன் ஒருநாள்.

"வீட்டுக்காரரும் அதையேதான் சொல்றாரு சார். ராத்திரி சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போதுகூட 'இது என்ன கருவி, சொல்லு'ங்கறாரு. சோறு போடறதா, பதில் சொல்றதா?" என்றார்.

கணவர் லாரி ஓட்டுநர். இந்தப் படிப்பில் சேரச் சொல்லி அடம்பிடித்தவரே அவர்தான். முதல் செய்முறைத் தேர்வில் தேறினால்தான் ஆய்வகத்தில் காலியாக இருந்த உதவியாளர் வேலைக்கு அக்கா விண்ணப்பிக்க முடியும். தவறினால் அடுத்த தேர்வு ஒரு வருடம் கழித்துத்தான். வேலை அதுவரை காத்திருக்காது.

தேர்வன்று பத்து மேசைகளில் பத்துக் கருவிகளை வைத்தேன். மேசைக்கு ஒரு நிமிடம், மணி அடித்ததும் அடுத்ததற்கு நகர வேண்டும். தொடக் கூடாது, பேசக் கூடாது. கருவியின் பெயருக்கு ஒரு மதிப்பெண், அதைக் கையாளும்போது கடைப்பிடிக்க வேண்டிய ஒரு பாதுகாப்பு விதிக்கு ஒரு மதிப்பெண். பாதுகாப்பு விஷயம் என்பதால் இருபதுக்குப் பதினாறு எடுத்தால்தான் தேர்ச்சி.

ஒன்பதாவது மேசையில் தக்கை வளையத்தின்மேல் வட்ட அடிக் குடுவை இருந்தது. அக்கா அங்கே குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். கேள்வி கேட்கப் போகிறார் என்று நினைத்து, "பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல," என்று அதட்டினேன். அவர் தலை குனிந்து எழுதினார். மணி அடித்துவிட்டது.

முதல் குழு போனதும் அங்கேயே திருத்த உட்கார்ந்தேன். பிப்பெட்டில் வாயால் உறிஞ்சக் கூடாது, அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. அக்காவின் விதிகள் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் பியூரெட்டையும் பிப்பெட்டையும் இடம் மாற்றி எழுதியிருந்தார். ஸ்பாட்டுலாவைக் 'கரண்டி' என்றிருந்தார். ஒன்பதில் பெயரே இல்லை. 'அடியில விரிசல். இதை யாரும் சூடு பண்ணக் கூடாது. உடனே எடுத்து வெச்சிடுங்க' என்று மட்டும் இருந்தது. கேட்ட கேள்விக்குப் பதிலைக் காணோம், எனக்கு உத்தரவு போடுகிறாரே என்று எரிச்சலாக வந்தது. சிவப்புப் பேனாவால் அடித்தேன். மொத்தம் பதினைந்து.

அன்று தேர்வு இல்லாத இரண்டாவது குழுவுக்கு உப்புநீரைக் காய்ச்சி வடிப்பதை நான் செய்து காட்ட வேண்டும். அதே குடுவையை எடுத்து உப்புநீரை ஊற்றினேன், தாங்கியில் பொருத்தினேன். அடுப்பைப் பற்றவைக்கப் போனபோது 'இதை யாரும் சூடு பண்ணக் கூடாது' என்று அக்கா எழுதியது நினைவுக்கு வந்து, கை நின்றது. குடுவையைக் கழற்றி, தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் மெல்லிய நட்சத்திர விரிசல். சூடேறியிருந்தால் வெடித்திருக்கும். கொதிக்கும் தண்ணீர், பக்கத்தில் என் முகம், சுற்றிலும் பன்னிரண்டு பேர்.

வராந்தாவில் காத்திருந்த அக்காவை உள்ளே கூப்பிட்டேன்.

"பேரை ஏன் எழுதல?"

"தெரியும் சார், வட்ட அடிக் குடுவை. ஒரு நிமிஷம்தான் இருந்துச்சு. முதல்ல இதைச் சொல்லிடலாம்னு நெனச்சேன். பேசக் கூடாதுன்னுட்டீங்களே."

குடுவையை மேசையில் வைத்துவிட்டு விடைத்தாளை எடுத்தேன். பெயருக்கு மதிப்பெண் இல்லை, அதில் மாற்றமில்லை. ஆனால் விரிசல் விட்ட கண்ணாடியைப் பயன்படுத்தக் கூடாது என்பது முதல் வகுப்பிலேயே நான் எழுதிப்போட்ட விதி. அதற்கான ஒரு மதிப்பெண்ணை, கண்ணை மூடிக்கொண்டு அடித்தவன் நான்தான். அடித்ததைத் திருத்தி ஒன்று போட்டேன். பதினாறு.

அக்கா எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாவம் பார்த்துப் போடாதீங்க சார்."

"பாவம் பார்க்கலக்கா. இது உங்க மார்க்கு, நான்தான் தப்பா அடிச்சுட்டேன்." கை கூப்பினேன். "என் முகம் முழுசா இருக்குன்னா அதுக்கு நீங்கதான் காரணம். ரொம்ப நன்றிக்கா."

அக்கா மேசையிலிருந்த குடுவையை எடுத்து, உடைந்த கண்ணாடிக்கான பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.