தாளத்துக்கு மூன்று மதிப்பெண்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் மரவள்ளிக்கிழங்கு தின்றோம். எனக்கு எட்டு வயது. கிழங்கைக் கண்டாலே அழுவேன். அதனால் காஜா பெராங் பள்ளிக்கூட மண்டபத்தில் நாட்டியப் போட்டி நடக்கப் போகிறது, ஜெயிப்பவர் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி என்று கேள்விப்பட்டதும், அரிசி நமக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். சின்னம்மாவைவிட நன்றாக ஆட மலாக்காவில் யார் இருந்தார்கள்?

ஜெயிப்பவரை லாரியில் ஏற்றி வடக்கே பட்டாளத்து முகாம்களில் ஆடக் கொண்டுபோவார்கள் என்பதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. சலங்கை கட்டத் தெரிந்த பெண்களின் பெயர்களை ஏற்கெனவே எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். வரமாட்டேன் என்று சொல்ல வழியில்லை. தாளம் தப்பி ஆடித் தோற்றுவிடு என்று அம்மா தன் தங்கையிடம் கெஞ்சியிருக்கிறார். "தப்பா ஆடச் சொன்னா என் கால் கேக்காதுக்கா" என்றாளாம் சின்னம்மா. "நீ ஒழுங்காவே ஆடு. மார்க்க நான் பாத்துக்கறேன்" என்று அவர்களுடைய அண்ணன், என் மாமா, பேச்சை முடித்திருக்கிறார். இதையெல்லாம் அம்மா எனக்குச் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு.

மாமா கோயிலில் மிருதங்கம் வாசிப்பவர். அதனால் தாளத்துக்கு மதிப்பெண் போடும் வேலை அவருக்கு வந்தது. முகபாவத்துக்கு ஒரு தமிழ் வாத்தியார். அங்கசுத்தத்துக்கும் மேடைத் தோரணைக்கும் ஜப்பானிய அதிகாரி. தலைப்புக்குப் பத்து, மொத்தம் நாற்பது. அவரவர் சீட்டில் எழுதி, மண்டபத்தின் மறுகோடியில் மதிப்பெண்களைக் கூட்டி எழுத உட்கார்ந்திருந்த கிராணியிடம் அனுப்ப வேண்டும். மாமாவின் சீட்டைக் கொண்டுபோகவும் அவருடைய பென்சிலைப் பிடித்துக்கொள்ளவும் நான். பெரிய உத்தியோகம்தான்.

முதலில், சண்டையால் ஊர் திரும்ப முடியாமல் மலாக்காவிலேயே பண்டார் ஹிலிர் பக்கம் தங்கிவிட்ட ஒரு நாடகக்கார அம்மா ஆடினார். லாரியில் போனால் வேளைக்குச் சோறாவது கிடைக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர். மேடையின் நான்கு மூலைகளையும் தனதாக்கிக்கொண்டார். ஆனால் வேகம் கூடியதும் முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டி உயர்ந்து உயர்ந்து, கடைசியில் சும்மா நின்றுகொண்டுதான் ஆடினார். இரண்டு இடத்தில் கால் தாளத்துக்குப் பிந்தியது. மாமா எட்டு போட்டார்.

அடுத்தது சின்னம்மா. ஆதி தாளம். மாமா தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என்று எட்டு எண்ணிக்கையாகப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் போட்டேன். முழங்கால்கள் பக்கவாட்டில் விரிந்து, முதுகு வளையாமல் உட்கார்ந்த அரைமண்டி மூன்று வேகத்திலும் ஒரு விரற்கடைகூட உயரவில்லை. காலடியும் நட்டுவனாரின் தாளச் சத்தமும் ஒன்றாகவே விழுந்தன. முடிப்புக் கோவைகளான தீர்மானங்களை மும்முறை அடுக்கி முடித்தபோதெல்லாம் கடைசி அடி சரியாக முதல் தட்டில் வந்து இறங்கியது. பதம் ஆடி, வராத தலைவனுக்காக அவள் வாசலைப் பார்த்தபோது வாத்தியார் எழுதுவதை மறந்துவிட்டார்.

மாமா சீட்டில் மூன்று என்று எழுதினார்.

"ஏன் மாமா மூணு? சின்னம்மா எங்கயும் தப்பலயே!"

"வாய மூடு. கிராணிகிட்ட குடு, போ."

அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன். சைபர் போட்டால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும் என்று கணக்குப் பார்த்துப் போட்ட மூன்று அது என்று எனக்கு எப்படித் தெரியும்? தூணுக்குப் பின்னால் நின்றேன். பத்துதான் நியாயம். ஆனால் மூன்றை எட்டாகத்தான் மாற்ற முடியும். இடப்பக்கம் இரண்டு வளைவு போட்டேன்.

கிராணி உரக்கப் படித்தார். நாடகக்கார அம்மாவுக்குத் தாளம் எட்டு, பாவம் எட்டு, அங்கசுத்தம் ஆறு, தோரணை ஒன்பது, மொத்தம் முப்பத்தொன்று. சின்னம்மாவுக்குப் பாவம், அங்கசுத்தம், தோரணை மூன்றிலும் ஒன்பது. "தாளம் எட்டு. மொத்தம் முப்பத்தஞ்சு."

மாமா பாதி எழுந்தார். தான் போட்டது மூன்று என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் சீட்டைத் திருத்தியது யார் என்ற கேள்வி வரும். என் கையில் இருந்த பென்சிலைப் பார்த்தார். மேடையில் நின்ற தன் தங்கையைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்து, பென்சிலை வாங்கித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். திட்டு விழாமல் தப்பித்தோம் என்று எனக்கு நிம்மதி.

இரண்டாம் நாள் லாரி வந்தது. சின்னம்மா சலங்கையை மடியில் கட்டிக்கொண்டு ஏறினாள். சண்டை முடிந்த பிறகும் அவள் வரவில்லை, அவளைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை.

அரிசி மட்டும் சொன்னபடி வந்தது. அன்று மத்தியானம் அம்மா அழுதுகொண்டே சோறு வடித்தார். மாமா இலை முன்னால் உட்கார்ந்தார், கை வைக்கவில்லை. அவருக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.