காந்தத்துக்கு அடியில் தேதி

என் மனைவி எதையும் சும்மா படிக்கமாட்டாள். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட, "நேரத்தை இவ்வளவு பொடியா போட்டா யாரு கண்ணுக்குத் தெரியும்?" என்று சிடுசிடுப்பாள்.

மளிகைக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், வாராவாரம் வரும் சலுகை நோட்டீஸைத் திருத்தும் வேலையைக் கேட்டு வாங்கினாள். வேலையைப் பார்க்கும்போதே அவள் முகம் பூரித்துப்போகும். ஆனால், ஆட்கள் போன வாரத்து நோட்டீஸை நீட்டி, பழைய விலைக்கே கேட்டுச் சண்டை போட்டார்கள். முதலாளி குண்டைத் தூக்கிப் போட்டார். "இந்தத் தடவையும் சண்டை வந்தா வேலைய வெளியில குடுத்துடுவேன். நீ பழையபடி பில் போடும்மா."

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அச்சகம் அனுப்பிய மாதிரித் தாள். சோதனை எலி நான். தாளைக் காட்டிவிட்டுச் சட்டென்று மறைத்தாள்.

"எண்ணெய் என்ன விலை?"

"நூத்தி நாப்பது."

"எவ்வளவுக்கு?"

நான் திருதிருவென்று விழித்தேன். மூலையில் கிடந்த 'ஒரு லிட்டர்' உடனே விலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அளந்து விற்கும் பருப்புகளில் ஒன்றுக்கு அரைக் கிலோ விலை, இன்னொன்றுக்கு ஒரு கிலோ விலை என்று இருந்தது. எல்லாவற்றையும் கிலோவுக்கே மாற்றினாள். உச்சியில் பொடியாக இருந்த தேதியை அடித்துவிட்டு, 'வியாழன் 6 முதல் புதன் 12 வரை' என்று அங்கேயே கொட்டை எழுத்தில் போட்டாள்.

"இனிமே எவன் சண்டைக்கு வரான்னு பாக்கறேன்!"

நான் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜுக்குப் போனேன். கதவில் போன வார நோட்டீஸ். அவளே மாட்டியது.

"அது என்னைக்கு வரைக்கும்? பாத்துச் சொல்லுங்க."

"காந்தம்தான்டி தெரியுது."

ஓடி வந்து பார்த்தாள். உச்சியில் இருந்த தேதியின் மேலேயே காந்தம் சப்பென்று உட்கார்ந்திருந்தது. என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எல்லார் வீட்லயும் இப்படித்தான் மாட்டியிருப்பாங்க!" எனக்கும் புல்லரித்துவிட்டது, பொய் சொல்வானேன்.

உடனே அச்சகத்துக்கு ஃபோன். "அண்ணே, அச்சடிச்சிடாதீங்க! தேதிய நடுவுல, விலைங்களுக்கு மத்தியில பட்டையா போடுங்க. ரெண்டு பக்கமும். பட்டை கலரு வாராவாரம் மாறணும்."

பதிமூன்றாம் தேதி, வியாழக்கிழமை. சண்டை வருவதென்றால் அன்றுதான் வரும். இருப்புக்கொள்ளாமல் லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு கவுண்டர் பக்கத்திலேயே நின்றார். அவருக்குப் பக்கத்தில் நின்ற அவள் முகத்தில் ஈயாடவில்லை. எல்லோரும் வாங்கினார்கள், போனார்கள், ஒரு முணுமுணுப்பு இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. என் முறை வந்ததும் எண்ணெய் பாக்கெட்டை வைத்தேன்.

"லிட்டர் நூத்தி நாப்பதுதானே?"

பின்னால் நின்ற மொத்த வரிசையும் ஒரே குரலில் சொன்னது:

"அது நேத்தோட முடிஞ்சுபோச்சு சார்!"

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். கட்டியிருந்த கையைப் பிரித்து, அடுத்த வார விலைகள் எழுதிய தாளை என் மனைவியிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டே என்னை ஒரு முறை முறைத்தாள்.