ஒரு சொட்டு ரத்தம்

கோயில் சடங்குகளை விமர்சிக்கும் ஒருவரின் காணொளியை முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அருவருப்புதான் வந்தது. ஏனென்றால் அதில் பாதி என்னுடைய காணொளி.

பினாங்கில் தைப்பூசச் சடங்குகளைப் பற்றிச் சின்னதாக ஒரு சேனல் நடத்துகிறேன். பகலில் தொழிற்சாலை அலுவலக வேலை, மிச்ச நேரத்தில் இது. இரண்டு வருடங்களுக்கு முன் என் தங்கை நேர்த்திக்கடனுக்காகக் கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறியதைப் படமாக்கிப் போட்டிருந்தேன். கீழே நானே எழுதியிருந்தேன்: 'ஒரு சொட்டு ரத்தம் இல்லை, துளி வலி இல்லை. இத்தனைக்கும் இவர் ஒரு நர்ஸ்.' ஊரே கைதட்டியது. நானும் மெச்சிக்கொண்டேன்.

கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயா பக்கம் இருக்கும் அந்த விமர்சகர் அதையே எடுத்துப் போட்டு ஒரே கேள்வி கேட்டிருந்தார். இரும்புக் கம்பி கன்னத்தைத் துளைத்து ரத்தமும் இல்லை, வலியும் இல்லை என்றால் மரத்துப்போக ஊசி போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் நர்ஸாம், ஊசி எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு.

மூன்றாம் நாள் தங்கை போன் செய்தாள். "அண்ணே, மேட்ரன் கூப்பிட்டாங்க. வார்டுல யாரோ அந்த வீடியோவ காட்டிட்டாங்க. மரத்துப்போற மருந்து ஸ்டாக்க செக் பண்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நான் விளக்கம் எழுதிக் கொடுக்கணும்." குரலில் அழுகை இல்லை. வார்டில் நோயாளியின் நிலையைச் சொல்வதுபோல் சொன்னாள். பதினோரு வருட வேலை.

எங்கள் காவடிக் குழுவின் வாட்ஸ்அப்பில் அதற்குள் அடுப்பு பற்றி எரிந்துகொண்டிருந்தது. அந்த ஆளின் தாயை, மனைவியை, பள்ளிக்கூடம் போகும் மகளைக்கூட விடாமல் எழுதியிருந்தார்கள். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து, கறி, மீன் தொடாமல், செருப்பு போடாமல் நடந்த ஆட்கள்தான். அந்த வாய்களால்தான் 'வேல் வேல்' என்றும் சொன்னார்கள். படிக்கப் படிக்க அருவருப்பாக இருந்தது. குழுத் தலைவர் எனக்குத் தனியாகக் குரல் செய்தி அனுப்பினார். "தம்பி, தலைப்பு பளிச்சுனு வைப்பா. 'செருப்படி பதில்'னு போடு. நல்லா ஓடும்."

பதில் காணொளி போடுவது என்று முடிவுசெய்தேன், ஆனால் அப்படி இல்லை. அந்த ஆளின் முகத்தை முகப்புப் படத்தில் போட்டுக் கேலி செய்யக் கூடாது. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே, வெட்டாமல், முதலில் போட வேண்டும். எங்கே சரியாகச் சொன்னார் என்பதை ஒத்துக்கொண்ட பிறகுதான் எங்கே தவறு என்று சொல்ல வேண்டும். தாளில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தேன். எழுதினால் என்ன, முதல் தடவை பதிவு செய்ததைப் போட்டுப் பார்த்தால் பேச்சு சாந்தமாக இருந்தது, முகம் எச்சில் துப்பப் போகிறவன் முகமாக இருந்தது. அழித்தேன். இரண்டாவதில் 'நண்பர்' என்று சொன்ன விதமே திட்டுவதுபோல் இருந்தது. அதையும் அழித்தேன்.

சரி, ஆதாரத்தை எடுப்போம் என்று பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி, வெட்டாத முழுப் பதிவைப் போட்டேன். அங்கேதான் எனக்கு என்னைப் பிடிக்காமல் போனது.

எங்கள் குழுவில் அலகு குத்திவிடும் பெரியவர் கையுறை போடுகிறார். அலகுக் கம்பியை ஸ்பிரிட்டில் துடைக்கிறார். கன்னத்தில் திருநீறு தேய்த்து, உருமி வேகமெடுக்கும்போது குத்துகிறார். ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. கம்பி உள்ளே போனதும் தங்கை "அம்மா" என்று கத்துகிறாள். வெறும் பக்திப் பரவசக் குரல் இல்லை, கதவில் விரல் நசுங்கியவள் குரல். கன்னத்திலிருந்து ரத்தம் கோடாக இறங்குகிறது. பெரியவர் வெள்ளைத் துண்டால் அழுத்தித் துடைத்துத் திருநீறு வைக்கிறார். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. அவ்வளவுதான் நடந்தது. நான் அந்த இடத்தை வெட்டிவிட்டு, கத்தலின் மேல் உருமிச் சத்தத்தை ஏற்றியிருந்தேன்.

அந்த ஆள் பொய் சொல்லவில்லை. நான் சொன்ன பொய்யை நம்பிக் கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கு சரி, கொடுத்த எண்தான் தப்பு.

தங்கைக்குப் போன் செய்தேன். "ஒரிஜினல்ல ரத்தம் இருக்கு. அதக் காட்டினாதான் ஊசி இல்லன்னு தெரியும். காட்டவா?" கத்தியதைப் பற்றிச் சொல்லவில்லை. "காட்டுங்க. என் வேலயப் பத்தி மட்டும் இன்னொரு தடவ பேசாதீங்க" என்றாள்.

மூன்றாவது தடவை பேசியது சரியாக வந்தது. கேள்வி கேட்டது நியாயம் என்றேன். ரத்தம் வரவில்லை என்று எழுதியது என் தவறு, வெட்டியது நான் என்றேன். முழுப் பதிவையும் ஓடவிட்டேன். எங்கள் குழுவில் மரத்துப்போக ஊசி போடுவதில்லை, இதோ குத்துவது தெரிகிறது, மற்ற குழுக்களுக்கு நான் சாட்சி இல்லை என்றேன். ரத்தம் ஏன் சீக்கிரம் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி பேச மாட்டேன் என்றேன். யாரும் அவரைத் திட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, அவர் காணொளியின் இணைப்பையும் கீழே கொடுத்தேன். ஏற்றுவதற்கு முன் தங்கைக்கு அனுப்பினேன். வெகுநேரம் கழித்து ஒரே சொல் வந்தது: 'போடுங்க.'

விமர்சகர் மறுநாளே எழுதினார். ஊசி என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், அந்தப் பெண்ணின் வேலையை இழுத்தது தவறு என்று எழுதி, தன் காணொளியையும் எடுத்துவிட்டார். மருந்து ஸ்டாக் சரியாக இருந்தது. மேட்ரன் முழுப் பதிவைப் பார்த்துவிட்டு விஷயத்தை முடித்துவைத்தார்.

திட்டு எனக்கு வந்தது, நம் ஆட்களிடமிருந்து. "ரத்தம் வருதுன்னு நீயே காட்டிக் கொடுக்குறியா? விரதம் சுத்தமா இருந்தா ரத்தம் வராது தம்பி" என்றார் குழுத் தலைவர். அவர் கன்னத்தை எத்தனையோ தடவை நானே துண்டால் துடைத்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை, குழுவைவிட்டு வெளியேறினேன். பெரிய யோக்கியன் மாதிரி வெளியேறினேன் என்பதும் எனக்குத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்துத் தங்கையை வேலை முடிந்து சுங்கை பினாங் வீட்டுக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். சிக்னலில் கார் நின்றது. அந்த வருடத்துக்குப் பிறகு அவள் அலகு குத்திக்கொள்ளவே இல்லை. டியூட்டி மாற்ற முடியவில்லை என்பாள், நாங்களும் நம்பிவிட்டோம்.

"அண்ணே, அன்னிக்கு எனக்கு ரொம்ப வலிச்சுச்சு" என்றாள்.

"தெரியும்."

"உங்க வீடியோல வலியே இல்லன்னு போட்டிருந்தீங்க. எல்லாருக்கும் வலிக்காது, எனக்கு மட்டும் வலிச்சிருக்குன்னு நெனச்சேன். விரதத்துல எங்க தப்பு பண்ணேன்னு ரெண்டு வருஷமா யோசிச்சேன். டியூட்டில நோயாளிய தொட்டது தீட்டாயிருச்சோன்னுகூட."

பச்சை விழுந்து, பின்னால் ஹாரன் அடித்தார்கள். அந்த விமர்சகரிடம் சாந்தமாகப் பேச எனக்கு மூன்று தடவை போதுமாக இருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்க எத்தனை தடவை வேண்டுமோ. வண்டியை எடுத்தேன்.