நாலு நிமிஷத் தூரம்

என் அப்பா முப்பத்திரண்டு வருஷம் மாநகரப் பேருந்து ஓட்டியவர். அவருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, ஒரு ஆளைக்கூட இடித்ததில்லை. இன்னொன்று, ஒண்ணுக்குப் போவதற்காக ஒரு நாளும் வண்டியை நடுவழியில் நிறுத்தியதில்லை. முதலாவதைக் கேட்டால்தான் சொல்வார். இரண்டாவதைக் கேட்காமலே சொல்வார். என் மனைவி கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அதைக் கேட்டுவிட்டாள்.

எண்பத்தோராவது வயதில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து நூம்பலில் உள்ள எங்கள் ஃபிளாட்டுக்கு வரும்போது ஒரு வாக்கரும், ஒரு மூட்டை டயபரும் கூடவே வந்தன. இரண்டு பக்கமும் ஒட்டுகிற வகை அது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இன்னொருவர் கட்டிவிடுவது. ஆஸ்பத்திரியில் அதைக் கட்டினார்கள், வீட்டில் நாங்களும் கட்டினோம். அப்பா வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்த பிறகும் கட்டிக்கொண்டே இருந்தோம். நடக்கிற மனிதருக்கு இது எதற்கு என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அவரைப் பார்த்துக்கொள்வதற்காக நான் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தேன். மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவாள். நானும் அப்பாவும் மடிக்கணினியும்தான். எனக்குப் பொறுமை என்ற ஒன்று கிடையாது. அம்பத்தூரில் என்னோடு வேலை செய்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் ஒரே குரலில் சொல்வார்கள்.

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். நான் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து அப்பா கூப்பிட்டார். "நைனா, கொஞ்சம் வந்து புடிச்சிக்கிறியா? ஒண்ணுக்குப் போவணும்." நான் மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: "டயபர் கட்டித்தானே இருக்கு? அதிலேயே போப்பா."

நான் மைக்கைப் போட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசினேன். அந்த மீட்டிங்கில் என்ன பேசினோம் என்பது இப்போது ஒரு வார்த்தைகூட ஞாபகமில்லை.

அதன் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. அப்பாடா, பழகிவிட்டார் என்று நினைத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அவர் தண்ணீர் கேட்பதும் குறைந்தது. நாற்காலியை விட்டு எழுவதும் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர், பூசையை டிவியில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நாங்கள் வாங்கிய டயபர் கடையில் இருந்ததிலேயே பெரிய அளவு. பெரிதாக இருந்தால் நிறையத் தாங்கும் என்று, வளர்கிற பிள்ளைக்குச் சட்டை எடுப்பதுபோல எடுத்திருந்தேன். தொடையிடுக்கு வழியாக அது ஒழுகியது. ஒழுகுகிறதே என்று இன்னும் அதிகமாக வாங்கினேன். தோல் சிவந்து புண்ணாகத் தொடங்கிய பிறகுதான் மனைவி என்னிடம் கேட்காமலே டாக்டரிடம் நேரம் வாங்கினாள்.

டாக்டர் சிறுநீர் சோதித்துப் பார்த்தார். கிருமி இல்லை. அப்பா ஒண்ணுக்குப் போய்விட்டு வந்த பிறகு ஸ்கேன் எடுத்தார். உள்ளே தேங்கவும் இல்லை. சர்க்கரை, மலச்சிக்கல், சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நீர்ப்பை ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று சொல்லி, ஒரு பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். இப்படியே உட்கார வைத்திருந்தால் கால் பலம் போய், பிறகு நிஜமாகவே நிற்க முடியாமல் ஆகிவிடும் என்றும் சொன்னார். அதை அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். வந்ததும் அவள் அப்பாவின் கால்களைத் தொடவில்லை. "ஐயா, இப்ப உங்களுக்கு வர்ற மாதிரி இருக்குன்னு வச்சுக்குங்க. எப்படிப் போவீங்க, காட்டுங்க" என்றாள். கைபேசியில் நேரத்தை ஓடவிட்டாள்.

அப்பா சோபாவிலிருந்து எழ மூன்று தடவை முயன்றார். அது பள்ளமான சோபா, உட்கார்ந்தால் விழுங்கிவிடும். எழுந்தவர் வாக்கரைத் தேடினார். அது கதவுக்குப் பின்னால் மடக்கி வைக்கப்பட்டிருந்தது. வைத்தவன் நான். மீட்டிங்கில் என் முதுகுக்குப் பின்னால் அது தெரிந்தால் நன்றாக இருக்காது என்று, தினமும் காலையில் ஒன்பது மணிக்கு முன்னால் எடுத்துவைத்துவிடுவேன். அதை எடுத்துக் கொடுத்தால் டீபாயைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மிதியடியில் ஒரு கால் மாட்டியது. குளியலறைக் கதவு வாக்கரைவிடக் குறுகல், அதனால் அதை வாசலில் விட்டுவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே போனால் டிராக் பேண்டின் நாடா. அதையும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன், வருகிறவர்கள் முன்னால் கௌரவமாக இருக்கட்டும் என்று. அதற்குள்ளே ஒட்டுகிற டயபர். அவருடைய விரல்கள் அந்த முடிச்சிடம் தோற்றுக்கொண்டிருப்பதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

நாலு நிமிஷமும் சில விநாடிகளும் ஆகியிருந்தது. வந்த பிறகு எவ்வளவு நேரம் அடக்க முடிகிறது என்று அந்தப் பெண் கேட்டாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை என்றார். இரண்டு பெருமைகளில் ஒன்று அப்போது போனது.

அவள் என்னைத் தனியாகக் கூட்டிப்போகவில்லை. அவர் காதில் விழும்படியே சொன்னாள். "சார், அப்பாவுக்கு நீர்ப்பையில குறை இல்ல. தூரம்தான் குறை. அந்தத் தூரத்தைக் குறைக்கணும். இல்லன்னா வர்றதுக்கு முன்னாடியே கிளம்பணும். ரெண்டையும் செய்வோம்."

மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதச் சொன்னாள். எப்போது குடித்தார், எப்போது போனார், எப்போது நனைந்தது என்று. எழுதிப் பார்த்தால் அது அதன் பாட்டுக்கு ஒரு ஒழுங்கில்தான் இருந்தது. எழுந்ததும் ஒரு தடவை. காபி குடித்து முக்கால் மணி நேரத்தில் ஒரு தடவை. பிறகு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அதற்குச் சற்று முன்னதாக அவரைக் கிளப்ப வேண்டும் என்பதுதான் அட்டவணை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்கலாம், பகலில் குறைக்கவே கூடாது என்றாள். குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி எரிச்சலும் அவசரமும்தான் கூடுமாம். இத்தனை நாளும் அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

ஒட்டுகிற வகையை நிறுத்தினோம். இடுப்பை டேப் வைத்து அளந்து, ஜட்டி மாதிரி ஏற்றி இறக்குகிற வகையில் நடு சைஸ் வாங்கினோம். வீட்டில் பகலில் அதுவும் வேண்டாம், உள்ளாடைக்குள் ஒரு பேட் வைத்தால் போதும் என்றாள். நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் வைத்த அரைக்கால் டவுசர். வாக்கரின் உயரத்தை அவர் மணிக்கட்டு அளவுக்கு ஏற்றி, அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தோம். சோபா போய் கை வைத்த உயரமான நாற்காலி வந்தது. டீபாயும் மிதியடியும் பால்கனிக்குப் போயின. குளியலறைக்குள் வாசலிலிருந்து கம்மோடு வரைக்கும் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தோம். கட்டிலுக்குப் பக்கத்தில், ராத்திரி ஒண்ணுக்குப் போக ஒரு பாட்டில்.

அட்டவணையை மட்டும் அப்பா ஏற்கவில்லை. வராதபோது எதற்குப் போக வேண்டும் என்றார். நான் என் குணப்படி குரலை உயர்த்தினேன், அவர் தம் குணப்படி வாயை மூடிக்கொண்டார். மனைவிதான் கேட்டாள், டிப்போவில் வண்டி எடுப்பதற்கு முன்னால் என்ன செய்வீர்கள் மாமா என்று. வந்தாலும் வராவிட்டாலும் போய்விட்டுத்தான் ஏறுவோம் என்றார். அடக்கியே பழகியதாக அவர் சொல்லிக்கொண்டிருந்த பெருமையின் ரகசியம் அவ்வளவுதான். அன்று பத்து மணிக்கு அவரே கையூன்றி எழுந்தார்.

ஆறு வாரம் கழித்து நாலு நிமிஷம் இரண்டுக்கும் கீழே வந்திருந்தது. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ நனையும், அவ்வளவுதான். கோயிலுக்கும் ஒரு ஞாயிறு போய்வந்தார், ஓரத்து பெஞ்சில், கழிப்பறைப் பக்கமாக உட்கார்ந்து. ஆனால் எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. எல்லாரையும் துணைக்குக் கூப்பிட்டார். மனைவியைக் கூப்பிட்டார், அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். என்னை மட்டும் கூப்பிடவில்லை. நான் பக்கத்திலேயே நின்றாலும், மனைவி வரும் வரை அட்டவணையைத் தள்ளிப்போட்டார். "அதிலேயே போ" என்று சொன்ன வாயிடம் அவர் எப்படி மறுபடியும் கேட்பார்?

மறுபரிசோதனைக்கு நான்தான் காரில் அழைத்துப்போனேன். முடிந்து கிளம்பும்போது அப்பா ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குப் போய்வந்தார். வெளியே வந்து என்னைப் பார்த்தார். "நீ போவலியா?"

எனக்கு வரவில்லை என்றேன். உள்ளே இரண்டு காபி குடித்திருந்தேன்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோ வேலை. வேலப்பன்சாவடிக்கு முன்னால் வண்டிகள் அசையாமல் நின்றன. இருபது நிமிஷத்தில் எனக்கு வந்துவிட்டது. நாற்பது நிமிஷத்தில் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். இடது பக்கம் தகரத் தடுப்பு, வலது பக்கம் லாரி. என் நீர்ப்பை நன்றாக இருந்தது, கால்கள் நன்றாக இருந்தன, தூரம்தான் குறை.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் காலடியில், வெளியே போகும்போது நாங்கள் எடுத்துப்போகிற பை இருந்தது. மாற்று டவுசர், ஒரு துண்டு, இரண்டு ஜட்டி டயபர், இருக்கையில் விரிக்கிற உறிஞ்சும் விரிப்பு.

"பையிலே இன்னொண்ணு கீது" என்றார் சாலையைப் பார்த்துக்கொண்டே. "நடு சைஸு. உனக்குக் கொஞ்சம் இறுக்கும்." கொஞ்சம் விட்டு, "கட்டிகினு அதிலேயே போ, நைனா" என்றார்.

சிரிப்பு வந்தது, சிரித்தால் ஆபத்து. பிறகு சிரிப்பு போய்விட்டது. அன்று காலை பதினொரு மணிக்கு அந்த அறையில் அவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்பது, உடம்பு முழுவதும் எனக்குத் தெரிந்தது. "தப்புப்பா. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"முன்னாடி வண்டி நகருது பார்" என்றார். "எடு."

பெட்ரோல் பங்க் வரும் வரை ஓட்டினேன். இறங்கி ஓடினேன். கழிப்பறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன், யாரோ இருமினார்கள். முழுசாகப் போய்ச் சேர்ந்தேன் என்று சொன்னால் அது பொய். சட்டையை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயது ஆள், திருடன் மாதிரி காருக்குத் திரும்பி வந்தேன்.

அப்பா என் பேண்டைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அதற்குள் பையைத் திறந்து, அந்த உறிஞ்சும் விரிப்பை எடுத்து, ஓட்டுநர் இருக்கையில் நான்கு மூலையும் இழுத்துச் சரியாக விரித்து வைத்திருந்தார்.

"ஒக்காரு" என்றார். "ஊட்டுக்குப் போனதும் என்னைக் கொஞ்சம் புடிச்சிக்கோ. எனக்கும் நேரமாச்சு."