பாக்கெட்டில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர்

"பக்கத்து வயலில் விளைந்தது, உங்கள் வயலிலும் விளையும்." புதிய மக்காச்சோள விதைப் பாக்கெட்டுக்கு நான் எழுதிய வாசகம் இது. எடுபடுகிறதா என்று பார்க்க, விதைப்புக்கு முன் சமயபுரம் பக்கத்து விதைக்கடை ஒன்றில் நின்றேன்.

ஒரு விவசாயி அந்தப் பாக்கெட்டை எடுத்து முளைப்புத்திறனைப் பார்த்தார். பிறகு அதில் அச்சிட்டிருந்த படத்தில், சோளக்காட்டில் நின்று சிரித்தவரைப் பார்த்தார்.

"இந்த அண்ணன் எந்த ஊருங்க?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது.

"சோளக்காட்டுல வெள்ளைச் சட்டையா? இலை அறுத்துடும். இவரு கல்யாணத்துக்குக் கிளம்புனவரு. நம்ம பக்கம் யாராச்சும் போட்டாங்களா?"

"இந்த வருஷம்தான் வந்திருக்குங்க."

"அப்ப எந்தப் பக்கத்து வயலு? மானாவாரி நிலம், தப்புனா வருஷமே போச்சு. மச்சான் போட்ட விதையையே குடுங்க."

படியிறங்கியவர் திரும்பினார். "இதை யாராச்சும் வாங்குனா ஊரைச் சொல்லுங்க. கதிரு பிடிக்கையில போயிப் பாக்குறேன்."